ஐந்து வரித் துண்டு

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் இரண்டு அறை வீடொன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. ஐந்து பேரும் யாழ்ப்பாணம். ஐந்து பேருடைய அகதி மனுவும் ஏதோ ஓர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் உணவகக் குசினியில் கோப்பை கழுவினார்கள், மூன்று பேர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: எதுவாக இருந்தாலும் ஐந்து பங்கு. ஒரு கோழி வாங்கினால் கால் யாருக்கு என்று முறை வைத்திருந்தோம். அந்தச் சட்டத்தை நான் மிகவும் மதித்தேன். அதுதான் எங்களைக் குழியில் தள்ளும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நாலு தெரு தள்ளி எங்கள் ஊரவர் ஒருவர் வீட்டின் கீழறையில் மிளகாய்த்தூளும் அரிசியும் விற்றார். அவரை முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். மிளகாய்த்தூள் பெயருக்கு. உண்மையான வியாபாரம் புக்கி, அதாவது பந்தயம் பிடிப்பது. ஒவ்வொரு வியாழனும் லண்டனில் இருந்த மைத்துனர் தொலைபேசியில் ஆங்கிலேயக் காற்பந்து ஆட்டங்களின் விலைகளைச் சொல்லுவார். முதலாளி அவற்றைக் கொஞ்சம் கத்தரித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். பலமான அணி சொந்த மைதானத்தில் ஆடினால் எப்போதும் ஒரே விலை, ஒன்று அறுபது. ஒரு பிராங் கட்டி வென்றால், கட்டிய பிராங்கும் சேர்த்து ஒரு பிராங் அறுபது ராப்பன் கைக்கு வரும்; நூறு ராப்பன் ஒரு பிராங். சனி மதியத்துக்கு முன் கட்டிவிட வேண்டும்.

நான் அவருக்குத் துண்டு எழுதுபவன். ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணிதத்தோடு ஓடி வந்தவன் என்பதால் பெருக்கலில் பிழை வராது என்று என்னைப் பிடித்தார். கார்பன் வைத்து எழுதிய துண்டில் ஒரு பிரதி கட்டுபவருக்கு, மற்றது காசோடு முதலாளிக்கு. ஒரே ஓர் ஆட்டத்தில் கட்டும் துண்டுக்கு எனக்கு நூற்றுக்கு மூன்று பிராங் தருவார். நாலு ஆட்டத்துக்கு மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் நூற்றுக்குப் பதினைந்து. சேர்த்துக் கட்டுவது என்றால், முதல் ஆட்டத்தில் வென்ற காசு அப்படியே இரண்டாவதில் ஏறும், அது மூன்றாவதில் ஏறும். எல்லாம் வென்றால் பெரிய தொகை. ஒன்று தவறினாலும் பூச்சியம். முதலாளி இதை அக்குமுலேட்டர் என்று வாய் நிறையச் சொல்லுவார்.

எங்கள் ஆட்களுக்கு அது கைவந்த கலை. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் துண்டில் ஐந்து வரி. ஆளுக்கு ஓர் ஆட்டம். ஒருவனுடைய வரியை விட்டுவிட்டால் அவனை வீட்டிலிருந்து தள்ளிவைத்த மாதிரி. ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஆறு வரி. சுற்றுவட்டாரத்தில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் இப்படித்தான் கட்டின. இதை முதலாளி ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து எதற்கு என்று எனக்கு நெடுநாள் உறைக்கவில்லை. காசு வந்தது, வாங்கினேன். ஒருநாள் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணி இடைவேளையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, ஓர் ஆள் லாபமில்லாமல் இவ்வளவு அள்ளித் தருவானா என்ற சந்தேகம் வந்தது. ஒரு பெட்டி அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று முடிவு. வீட்டு அணி வெல்ல ஒன்று அறுபது, சமநிலைக்கு மூன்று ஐம்பது, வெளியணி வெல்ல நாலு எண்பது. ஒவ்வொரு விலையாலும் ஒன்றைப் பிரித்தால் 0.625, 0.286, 0.208. கூட்டினால் 1.119. நியாயமான விலையென்றால் சரியாக ஒன்று வர வேண்டும். மேலதிகமாக நிற்கும் அந்தப் பன்னிரண்டு வீதமளவுதான் முதலாளியின் சோறும் கறியும். அதைத் திருப்பிப் போட்டால், ஒன்றை 1.119 ஆல் பிரித்தால், 0.894. அதாவது ஓர் ஆட்டத்தில் ஒரு பிராங் கட்டுபவனுக்குச் சராசரியாகத் திரும்பி வருவது எண்பத்தொன்பது ராப்பன். பதினொரு ராப்பன் போகட்டும், பொழுதுபோக்குக்கு அது பெரிய விலையில்லை.

சேர்த்துக் கட்டும்போது அந்த எண்பத்தொன்பதுதான் எண்பத்தொன்பதாலேயே பெருக்கப்படும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முழுக் காசும் மறுபடி முதலாளியின் கத்தரிக்கு அடியில் போய் வருகிறது. இரண்டு ஆட்டம், எண்பது ராப்பன். மூன்று, எழுபத்தொன்று. நாலு, அறுபத்துநாலு. ஐந்து, ஐம்பத்தேழு. ஐந்து வரித் துண்டு கட்டுபவன் ஒரு பிராங்கில் நாற்பத்துமூன்று ராப்பனைக் கட்டும்போதே பறிகொடுத்துவிடுகிறான். அதில் பதினைந்து எனக்கு, மிச்சம் முதலாளிக்கு. அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் துண்டு எழுதினேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஐவரில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் நாலு பேரும் அவரை அண்ணை என்போம். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர், இங்கே கோப்பை கழுவினார். அவருடைய மனைவியும் ஆறு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பு லொட்ஜ் என்றால் வாரத்துக்கு இரண்டு தரம் பொலிஸ் தட்டும். பக்கத்து அறைப் பெடியன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனதை மகள் பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து கதைக்கிறாள் இல்லை என்று மனைவியின் கடிதம் வந்தது. அண்ணை அந்தக் கடிதத்தை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அதோடு, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் சேதியும் வந்திருந்தது. மாதக் கடைசியில் ஒரு குழு புறப்படுகிறது, இரண்டு இடம் இருக்கிறது, எண்ணாயிரம் பிராங். அண்ணையிடம் இருந்தது எண்ணூறு. நாங்கள் நாலு பேரும் ஏற்கெனவே எங்கள் ஏஜென்சிக் கடனில் கழுத்தளவு முங்கியவர்கள். சுவிஸ்காரன் எவனும் எங்கள் கையிலிருந்த தற்காலிகத் தாளைப் பார்த்துக் கடன் தரமாட்டான்.

அண்ணை சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, ஒன்று அறுபதை ஐந்து தரம் பெருக்கிவிட்டு வந்தார். பத்தரை மடங்கு.

"தம்பி, எண்ணூறு கட்டினா எவ்வளவு வரும்?"

"எண்ணாயிரத்து முந்நூற்றி எண்பத்தெட்டு," என்றேன்.

"ஏஜென்சிக்காரனுக்கு அது காணும்."

"அண்ணை, பொறுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ." அட்டையில் போட்ட கணக்கை மேசையில் மறுபடி போட்டேன். ஒன்று அறுபது என்றால் வெல்லும் வாய்ப்பு 0.625 இல்லை, அதை 1.119 ஆல் பிரிக்க வேண்டும், ஏறத்தாழ ஐம்பத்தாறு வீதம். முதலாளி மூன்று முடிவிலும் ஒரே அளவாகக் கத்தரித்தார் என்று வைத்துக்கொண்டால் இதுதான் கிட்டத்தட்டச் சரியான கணக்கு. ஐந்து ஆட்டமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆகவே ஐந்து தரம் பெருக்க வேண்டும். நூற்றில் ஐந்து, கொஞ்சம் கூட. அதை எண்ணாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டால் பெருக்கினால் நானூற்றைம்பத்தாறு பிராங். "உங்கடை எண்ணூறு பிராங் துண்டின்ரை உண்மையான பெறுமதி இதுதான், அண்ணை. நியாயமான புக்கி எண்டா வெண்டவனுக்குப் பதினெட்டரை மடங்கு தர வேணும். இவர் பத்தரை தாறார். வெண்டாலும் உங்களை ஏமாத்துறார்."

"எனக்குப் பதினெட்டு வேண்டாம். பத்துக் காணும்."

"பத்து மடங்குதான் வேணுமெண்டா தனிய ஒரு ஆட்டத்திலை கட்டுங்கோ. கடைசி இடத்திலை இருக்கிற அணி ஒண்டு வெளியிலை போய் ஆடுது, பத்தரை எண்டு போட்டிருக்கிறார். வெட்டு ஒருக்காத்தான் விழும். அப்பிடியான விலையிலை கூட வெட்டியிருப்பார், எண்டாலும் நூற்றிலை ஏழு எட்டாவது இருக்கும். அஞ்சை விட நல்லம்."

அண்ணை என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தோக்கிற அணியிலை என்ரை பிள்ளையின்ரை காசைக் கட்டச் சொல்லுறியோ?" பிறகு, இன்னும் மெதுவாக, "அப்ப மற்ற நாலு பேரின்ரை வரி?" என்றார்.

மற்ற மூவரும் ஏற்கெனவே தங்கள் வரியை யோசித்து வைத்திருந்தார்கள். காசு கொடுக்க வக்கில்லாதவர்கள் வரியாவது கொடுக்கிறோம் என்று நின்றார்கள். நான் மாட்டேன் என்றால் அது கணக்காகத் தெரியாது, அண்ணையின் பெண்சாதி பிள்ளையைக் கைவிட்டதாகத் தெரியும். என் வரியைச் சொன்னேன். துண்டை எழுதினேன். ஒரு பிரதியை அண்ணை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மற்றப் பிரதியையும் எண்ணூறு பிராங்கையும் நான் முதலாளியிடம் கொடுக்கவில்லை.

அவர் கடை வாசல் வரை போனேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நூறு தரத்தில் தொண்ணூற்றைந்து தரம் இந்தத் துண்டு தோற்கும். ஞாயிற்றுக்கிழமை அண்ணை இடிந்துபோய் இருக்கும்போது உறையைக் கையில் வைத்து, "இந்தாங்கோ, கட்டேல்லை" என்று சொல்லுவேன். இதுதான் என் திட்டம். என் மீது எனக்கே மதிப்புக் கூடிப் போனது. கணக்குப் படித்த திமிர் என்றால் அதுதான். என் பக்கத்துக் கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. தோற்றால் எண்ணூற்றைத் திருப்பிக் கொடுப்பேன், வென்றால் மிச்ச ஏழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தை எங்கிருந்து எடுப்பேன்? புக்கியின் இடத்தில் நான் போய் உட்கார்ந்துவிட்டேன், புக்கியின் பெட்டகம் இல்லாமல்.

சனி மாலை ஆறு மணியளவில் சிற்றலை வானொலியில் ஆங்கிலேய முடிவுகளை வாசிப்பார்கள். குசினி மேசையைச் சுற்றி ஐந்து பேரும் உட்கார்ந்தோம். அந்த அறிவிப்பாளரின் குரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டாவது அணியின் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கினால் வீட்டு அணி வென்றுவிட்டது. எண்ணைச் சொல்லும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் வரிக்குக் குரல் இறங்கியது. இரண்டாவதுக்கும் இறங்கியது. மூன்றாவது வரி வென்றபோது, அதைச் சொன்ன பெடியன் மேசையில் குத்தினான். மூன்று பேர் வென்றாயிற்று, இனி இரண்டு, ஐம்பத்தாறை ஐம்பத்தாறால் பெருக்கினால் முப்பத்தொன்று. தோற்க அறுபத்தொன்பது வீதம் இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணையின் சொந்த வரி நாலாவது. அதுவும் வென்றது.

மிஞ்சியது என் வரி. நான் சொன்ன அணி, என் வாயால் சொன்ன அணி. நல்லூர்க் கந்தா, அது தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன். ஒரு மனுசனின் பிள்ளை வருவதற்கு எதிராக நான் கும்பிட்டேன் என்பதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. குரல் இறங்கியது.

மற்ற மூவரும் எழும்பிக் கத்தினார்கள். அண்ணை கத்தவில்லை. எழும்பி வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் கொஞ்சினார். "நீதான்ரா, உன்ரை வரிதான்ரா," என்று அழுதார். நான் அவர் கைகளுக்குள்ளேயே சொன்னேன்.

"அண்ணை, நான் கட்டேல்லை."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. உறையை எடுத்து மேசையில் வைத்ததும் விளங்கியது. மேசையில் குத்திய பெடியன் என் சட்டையைப் பிடித்தான். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணை அவன் கையை எடுத்துவிட்டார். "விடு. அவன் களவெடுக்கேல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் ஓடினேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, எட்டாயிரத்தைக் கடனாகத் தாருங்கள், நீங்கள் எனக்குத் தரும் பங்கில் பிடியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அரிசி நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"நீ கொண்டுவந்து தந்திருந்தா நான் வெண்ட காசைக் குடுத்திருப்பன்," என்றார். "சந்தோசமாக் குடுத்திருப்பன். ஒருத்தனுக்கு எண்ணாயிரம் குடுத்தா அடுத்த கிழமை சூக், பாடன் எண்டு வெளியூரிலையிருந்தும் சனம் துண்டோடை வரும். எனக்கு அது விளம்பரம்."

"எனக்குக் கணக்குச் சரிதானே, முதலாளி? நூற்றிலை அஞ்சுதானே?"

"சரிதான். நான் கிழமைக்கு இருநூறு துண்டு பிடிக்கிறன், எனக்கு அந்தக் கணக்குச் சரி வரும். நீ ஒரு துண்டு பிடிச்சனி. ஒரு துண்டிலை என்ன சராசரி?" அரிசிப் பையின் வாயைக் கட்டினார். "கடன் நான் குடுக்கிறேல்லை."

என்னிடம் இருந்த நானூறைக் கொண்டுபோய் அண்ணையிடம் நீட்டினேன். மாதா மாதம் சம்பளத்தில் பாதி தருவேன், கடைசி ராப்பன் வரை தருவேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கவும் இல்லை. மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அந்தச் சனிக்கிழமையை அவர் எப்போது எண்ணத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளி பின்னேரம் வேலையால் வந்தவர் அதே எண்ணூறு பிராங் உறையை மேசையில் வைத்தார்.

"துண்டு எழுது."

"அண்ணை, இது உங்கடை கடைசிக் காசு. என்ரை நானூறையும் சேர்த்து ஏஜென்சிக்காரனுக்கு முற்பணமாக் குடுத்துக் கேட்டுப் பாப்பம். அடுத்த குழுவிலையாவது—"

"கேட்டனான். முழுசா வேணுமாம். இந்த முறை சான்ஸ் எவ்வளவு எண்டு சொல்லு."

விலை மாறவில்லை. ஐந்தும் ஒன்று அறுபது. "நூற்றிலை அஞ்சு," என்றேன்.

"போன கிழமையும் அஞ்சுதானே?"

"ஓம்."

"அது வெண்டதுதானே?"

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, போன கிழமை வென்றது இந்தக் கிழமைக்கு ஒன்றும் செய்யாது, உங்கள் எண்ணூறு இப்போதும் நானூற்றைம்பத்தாறுதான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஓய்ந்துவிட்டேன். போன கிழமை வரை அவருக்கு அது ஓர் ஆசை. என்னால்தான் அது நிரூபணமாகிவிட்டது. நான் அவரைத் தடுக்கப் போய், இந்தத் துண்டு வெல்லும் என்பதற்கு எந்தப் புக்கியாலும் காட்ட முடியாத சாட்சியைக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

"ஒவ்வொருத்தரா வரியைச் சொல்லுங்கோ," என்றார் அண்ணை. மூவரும் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்தார். "உன்ரையும் சொல்லு. போன முறை உன்ரைதானே கடைசியா வெண்டது."

சொன்னேன். எழுதினேன். இந்த முறை அண்ணையும் என்னோடு கடை வரை வந்தார், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி காசை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, என் பங்கு நூற்றிருபது பிராங்கை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அதையும் பெட்டியில் போட்டார்.

சனிக்கிழமை நெடுநேரம் காத்திருக்க வேண்டி வரவில்லை. வாசித்த முதல் ஆட்டத்திலேயே குரல் இறங்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று, சமநிலை. அண்ணை வானொலியை நிறுத்தாமல் எல்லா முடிவையும் கடைசி வரை கேட்டார், எங்களில் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"வா," என்றார் என்னிடம். "லொட்ஜுக்கு ஃபோன் எடுக்க வேணும். எட்டாயிரம் வெண்டிட்டம் எண்டு போன சனிக்கிழமை, நீ சொல்லுறதுக்கு முதல், என்ரை மனசுக்குள்ளை அவளுக்குச் சொல்லிப்போட்டன். இனி என்னாலை அவளோடை கதைக்க ஏலாது. நீ கதை."

தபால் நிலையத்துக்கு வெளியே இருந்த பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவர் காசைப் போட்டார், இலக்கத்தைச் சுழற்றினார், லொட்ஜ்காரனிடம் அறை இலக்கத்தைச் சொன்னார், பிறகு ரிசீவரை என் கையில் தந்தார். அங்கே நள்ளிரவை நெருங்கும் நேரம். நித்திரையால் எழும்பி ஓடி வந்த மூச்சு கேட்டது.

"அக்கா, நான் அண்ணையோடை இருக்கிற தம்பி."

"அவருக்கு ஏதுமோ?"

"இல்லை, அவர் பக்கத்திலை நிக்கிறார். சுகமா இருக்கிறார்."

"காசு சரிவந்ததோ, தம்பி?"

கத்தரியைப் பற்றியும் பெருக்கலைப் பற்றியும் எந்த மனிதனுக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தக்கூடியவன் நான். அண்ணை கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நாணயங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"சரிவரேல்லை, அக்கா."

அக்கா அழவில்லை. "அப்ப எங்கடை ரெண்டு இடத்தையும் வேறை ஆருக்கும் குடுத்திடச் சொல்லி ஏஜென்சிக்காரனுக்கு நான் சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"ஓம், அக்கா. சொல்லுங்கோ," என்றேன்.